"பயமாக இருந்ததா?" என்று கேட்காதீர்கள்: தில்லி வீடுகளில் பதிவாகும் பிரிவினை நினைவுகள்

புது தில்லி: நாட்டுப் பிரிவினையின்போது பத்து வயதில் இருந்தவர்கள் இன்று எண்பத்தைந்தைக் கடந்துவிட்டனர். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, மேற்கு பஞ்சாபிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் வந்து தில்லியில் குடியேறிய அகதிகள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். கிங்ஸ்வே முகாமிலும் புராணா கிலாவிலும் தங்கி, பின்னர் லாஜ்பத் நகர், ராஜேந்திர நகர் போன்ற குடியிருப்புகளுக்குச் சென்ற அந்தத் தலைமுறையில் எஞ்சியிருப்போர் சிலரே.

அவர்களுடைய பேச்சைப் பதிவுசெய்யும் முயற்சிகளுக்குப் பஞ்சமில்லை. 2010-இல் தொடங்கப்பட்ட '1947 பார்ட்டிஷன் ஆர்கைவ்' என்ற அமைப்பு, பயிற்சி பெற்ற தன்னார்வலர்களின் உதவியுடன் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நேர்காணல்களைத் திரட்டியுள்ளது. அமிருதசரஸில் 2017-லும், தில்லியில் தாரா ஷிகோ நூலகக் கட்டடத்தில் 2023-லும் பிரிவினை அருங்காட்சியகங்கள் திறக்கப்பட்டன. ஆகஸ்ட் 14-ஐ பிரிவினைக் கொடுமைகள் நினைவு தினமாக மத்திய அரசு 2021-இல் அறிவித்தது.

ஆனால் பெரும்பாலான நினைவுகள் எந்த அமைப்பின் கைக்கும் வருவதில்லை. பேரனோ பேத்தியோ கைப்பேசியை வைத்துக்கொண்டு எதிரில் அமர்ந்தால்தான் உண்டு. அப்படி அமர்ந்த பிறகும், கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்பதைப் பொருத்தே வரலாறு கிடைக்கிறது அல்லது நழுவிப்போகிறது.

பத்தொன்பது நிமிடங்களில் முடிந்த பேட்டி

லாஜ்பத் நகரில் வசிக்கும் கல்லூரி மாணவி ஒருவர், 88 வயதான தம் தந்தைவழிப் பாட்டியைப் பேட்டி கண்டார். இன்று பாகிஸ்தானில் ஃபைசலாபாத் என்று அழைக்கப்படும் லாயல்பூரை அடுத்த கிராமத்தில் பிறந்தவர் அந்தப் பாட்டி. பெயரும் குரலும் வெளிவரக் கூடாது என்ற நிபந்தனையுடன், நடந்ததை எழுத அவர் அனுமதித்துள்ளார்.

முதல் நாள் பேத்தி ஒரு பட்டியலுடன் அமர்ந்தார். "எந்த ஆண்டு கிளம்பினீர்கள்?", "வழியில் கலவரத்தைப் பார்த்தீர்களா?", "பயமாக இருந்ததா?", "சொந்த ஊரை நினைத்து வருந்துகிறீர்களா?" ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் பதில் வந்தது. "ஆமாம்." "பார்த்தோம்." "பயம்தான்." கடைசியில், வீட்டில் எல்லோரும் பல முறை கேட்டிருந்த வாக்கியம்: "எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோம். வாஹேகுரு அருளால் அனைவரும் பத்திரமாக வந்து சேர்ந்தோம்." பத்தொன்பது நிமிடங்களில் பேட்டி முடிந்துவிட்டது.

நாடாளுமன்றத்தின் கேள்வி நேரத்தைக் கவனித்து வருபவர்களுக்கு இது புதிதல்ல. எழுத்து மூலம் தரப்படும் பதில் முன்கூட்டியே தயாரிக்கப்பட்டது. துணைக் கேள்வி எழும்போதுதான் அமைச்சர் சொந்தமாகப் பேச நேரிடுகிறது. குடும்பங்களிலும் இப்படித் தயாராக வைக்கப்பட்ட பதில் ஒன்று உண்டு. எழுபது ஆண்டுகளாகத் திருமண வீடுகளிலும் துக்க வீடுகளிலும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பதில் அது. ஆம், இல்லை என்று முடியும் கேள்விக்கு அந்தப் பதில்தான் வரும். "பயமாக இருந்ததா?" என்னும்போது பயம் என்ற சொல்லைக் கேட்பவரே கொடுத்துவிடுகிறார். எதிரில் இருப்பவர் தலையசைத்தால் போதும்.

வாசலிலிருந்து தொடங்கிய கேள்வி

வாய்மொழி வரலாற்றுப் பதிவில் அனுபவமுள்ள கல்லூரி ஆசிரியை ஒருவரிடம் அந்தப் பதிவைப் பேத்தி போட்டுக்காட்டினார். ஆசிரியை மூன்று மாற்றங்களைச் சொன்னார். ஹிந்தியில் கேட்காமல், பாட்டி சிறுவயதில் பேசிய பஞ்சாபியில் கேட்க வேண்டும். மகனும் மருமகளும் உடன் இருக்கக் கூடாது. பிரிவினையிலிருந்து தொடங்காமல், அதற்கு முந்தைய வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது மாற்றத்துக்குத் தக்க காரணம் உண்டு. பிரிவினை குறித்து 'தி அதர் சைட் ஆஃப் சைலன்ஸ்' (1998) என்ற நூலை எழுதிய ஊர்வசி புட்டாலியா, குடும்பத்தினர் சூழ்ந்திருக்கும்போது ஆண்களே பேசுவதையும் பெண்களின் அனுபவம் ஒதுங்கிப்போவதையும் சுட்டிக்காட்டியுள்ளார். அவருடைய தேடலும் லாகூரில் தங்கிவிட்ட சொந்த மாமாவிடமிருந்தே தொடங்கியது.

நான்கு நாள் கழித்து இரண்டாவது அமர்வு நடந்தது. பேத்தியின் முதல் கேள்வி இதுதான்: "தாதி, உங்கள் கிராமத்து வீட்டு வாசலில் நான் நிற்கிறேன். உள்ளே அழைத்துச் சென்று ஒவ்வொன்றாகக் காட்டுங்களேன்."

பாட்டி பேசத் தொடங்கினார். முற்றம், தந்தூர் அடுப்பு, எருமை கட்டும் இடம் என்று ஒவ்வொன்றாக வந்தது. பக்கத்து வீட்டுச் சுவரில் செங்கல் பெயர்ந்த ஓர் இடைவெளி இருந்ததாம். இரு வீட்டுப் பெண்களும் கிண்ணங்களைக் கொடுத்து வாங்குவது அதன் வழியேதான். ரம்ஜான் பெருநாளுக்குச் சேமியா அதன் வழியே வரும் என்றார். பேத்தி அவர் சொன்ன சொல்லையே பிடித்துக்கொண்டார்: "கடைசி ஆண்டு சேமியாவைப் பற்றிச் சொல்லுங்கள்."

அந்த ஆண்டும் கிண்ணம் வந்தது. அம்மா வாங்கி, தட்டைப் போட்டு மூடி வைத்தார். வீட்டில் யாரும் தொடவில்லை. மறுநாள் கிண்ணத்தைக் கழுவி, கொஞ்சம் வெல்லம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

1947-இல் ரம்ஜான் பெருநாள் ஆகஸ்ட் 18. எல்லைக்கோடு எது என்று அறிவிக்கப்பட்டது அதற்கு முந்தைய நாள். அண்டை வீடுகளுக்கு இடையே நம்பிக்கை எப்படி உடைந்தது, உடைந்த பிறகும் எந்த அளவு மிஞ்சியிருந்தது என்பதை அந்த மூடிய கிண்ணம் சொல்லிவிடுகிறது. "அண்டை வீட்டாருடன் உறவு எப்படி?" என்று கேட்டிருந்தால் "நன்றாகத்தான் இருந்தோம்" என்பதோடு நின்றிருக்கும்.

"அப்போது நீங்கள் எங்கே நின்றீர்கள்?"

முதியவரின் நினைவில் ஆண்டும் தேதியும் பிசகலாம். அதை இடையில் திருத்தினால் பேச்சு அறுந்துவிடும். தேதிக்குப் பதிலாக விழா, பயிர், மழை ஆகியவற்றைக் கேட்பதே முறை. மாட்டுவண்டிகளின் நீண்ட வரிசையில் வந்ததாகவும், பல்லோகி அணையைக் கடக்கும் முன் மழை பிடித்து வண்டிகள் நீரில் சாய்ந்ததாகவும் பாட்டி கூறினார். லாயல்பூர் பகுதி மக்கள் ராவி நதியைக் கடந்த வழி அதுவே. பஞ்சாபில் பெருவெள்ளம் வந்தது 1947 செப்டம்பர் கடைசி வாரம். ஆக, அவர் சொல்லாத தேதியை மழை சொல்லிவிட்டது.

கண்டதையும் கேட்டதையும் பிரித்தறிவது இதைவிடக் கடினம். பிணங்களுடன் வந்த ரயிலைப் பற்றியும் பாட்டி சொன்னார். ரயிலில் வராதவர்களும் இதைச் சொல்வதுண்டு. "உண்மையாகவே பார்த்தீர்களா?" என்றால் அது சந்தேகப்படுவதாகிவிடும். பேத்தி, "அப்போது நீங்கள் எங்கே நின்றீர்கள்?" என்று கேட்டார். பாட்டி சற்று யோசித்து, "நான் பார்க்கவில்லை. முகாமில் பேசிக்கொண்டார்கள்" என்றார். அத்தகைய ரயில்கள் வந்தது வரலாறு. ஆனால் இவருடைய சாட்சியம் அதுவல்ல. முகாமில் அச்சம் எப்படிப் பரவியது என்பதற்கே இவர் சாட்சி. பிரிவினை நினைவுகள் அரசியல் மேடைகளில் எடுத்தாளப்படும் காலத்தில் இந்த வேறுபாடு சிறிதல்ல.

மௌனம்

அணையைக் கடந்த இடத்தில் பாட்டி நிறுத்திவிட்டார். அடுத்த கேள்வியைப் பேத்தி கேட்கவில்லை. பதிவில் அரை நிமிடத்துக்கும் மேல் சுவர்க் கடிகாரத்தின் ஒலி மட்டுமே கேட்கிறது. பிறகு பாட்டியே தொடர்ந்தார். கைக்குழந்தையாக இருந்த தம்பிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். கரையேறியபோது மூச்சு இல்லை. அம்மா தம் துப்பட்டாவில் சுற்றிக் கரையோரம் விட்டுவிட்டு வண்டியில் ஏறினார். அதன் பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொன்னதில்லை.

"அனைவரும் பத்திரமாக வந்து சேர்ந்தோம்" என்ற வாக்கியம் எதை மூடி வைத்திருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது. அனுபவம் இல்லாத பேட்டியாளர் மௌனத்தைக் கண்டு பதறி, "பரவாயில்லை, வேறு பேசலாம்" என்று குறுக்கிடுவார். அது பரிவு போலத் தோன்றினாலும், சொல்ல வந்தவரின் வாயை அடைப்பதாகும். அதே சமயம், வற்புறுத்தித் துருவுவதும் தவறு. பேத்தி காத்திருந்தார், பேசி முடித்ததும், "பதிவை நிறுத்தட்டுமா?" என்று மட்டும் கேட்டார். பாட்டி வேண்டாம் என்றார். கசப்பான இடத்திலேயே முடித்துவிடாமல், தில்லியில் முதன்முதலாகக் கிடைத்த வீட்டைப் பற்றிப் பேசி அமர்வை நிறைவுசெய்தனர். மொத்தம் 80 நிமிடங்கள். இந்த வயதினருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீட்டுவது சரியல்ல.

கருவியும் காப்பும்

முதல் பதிவின் பாதி, மின்விசிறி இரைச்சலில் கெட்டிருந்தது. இரண்டாவது அமர்வில் விசிறி, ஏர்கூலர், குளிர்சாதனப் பெட்டி மூன்றும் நிறுத்தப்பட்டன. கைப்பேசி அழைப்புகள் வராத நிலையில், மடித்த துணியின்மேல், பாட்டியிடமிருந்து ஓரிரு அடி தூரத்தில் வைக்கப்பட்டது. அரை நிமிடம் பதிவுசெய்து, காதில் கருவி மாட்டிக் கேட்டுப் பார்த்த பிறகே பேட்டி தொடங்கியது. தேதி, இடம், இருவர் பெயர் ஆகியவை முதலில் சொல்லப்பட்டன. கேட்கும்போது பேத்தி "உம்" கொட்டவில்லை, தலையசைத்தார். ஒலியைச் சுருக்காத 'வேவ்' வடிவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 300 மெகாபைட் இடம் போதும். மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வைத்துள்ளனர். எந்த நிமிடத்தில் என்ன பேச்சு என்ற குறிப்பு ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் பத்து ஆண்டு கழித்து அந்தப் பதிவை யாரும் முழுவதும் கேட்கப்போவதில்லை.

ஒப்புதலையும் பேத்தி இருமுறை கேட்டார். தொடங்கும் முன் "சரி" என்பவருக்குத் தாம் என்ன சொல்லப்போகிறோம் என்பது தெரியாது. எனவே பதிவைப் போட்டுக்காட்டிய பின் கேட்ட ஒப்புதலே செல்லுபடியாகும். தம்பியைப் பற்றிய பகுதியைத் தம் காலத்துக்குப் பிறகே மகன் கேட்கலாம் என்று பாட்டி கூறிவிட்டார். அந்தச் சொல்லும் பதிவில் இருக்கிறது.

இது பஞ்சாபியரின் கதை மட்டுமன்று. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி பர்மாவிலிருந்து மலை கடந்து வந்த தமிழ்க் குடும்பங்களில், "நடந்தே வந்தோம்" என்ற இரண்டு சொற்களில் பயணம் முழுவதும் அடங்கிவிடுகிறது. அதைக் குழந்தையாக அனுபவித்தவர்கள் இன்னும் சிலர் உள்ளனர். நடந்தது எவ்வளவு தூரம் என்று அவர்களிடம் கேட்டால் ஓர் எண் கிடைக்கும். புறப்பட்ட நாளன்று காலையில் அடுப்பில் என்ன இருந்தது என்று கேட்டால், அங்கிருந்து பயணம் தொடங்கும்.