கொத்துக் கொத்தாய் ஊதா

காலை 6 மணிக்கு எங்கள் லேபில் இரண்டு பாட்டில்கள் அடுத்தடுத்துக் கூப்பிட்டன. ரத்தக் கல்ச்சர் மெஷின் பார்வைக்குப் பெரிய ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது குளிரல்ல, உடம்புச் சூடு. நோயாளியின் ரத்தம் கலந்த சத்துநீரில் கிருமி பெருகினால் கரியமில வாயு வெளிவரும். பாட்டிலின் அடியில் உள்ள உணரி அதைக் கண்டுகொள்ளும், மெஷின் பீப் அடிக்கும். பீப் அடித்தால் ஏதோ வளர்கிறது என்றுதான் பொருள். அது நோயாளியின் ரத்தத்தில் இருந்ததா, ரத்தம் எடுக்கும்போது தோலில் இருந்து ஒட்டிக்கொண்டு வந்ததா என்பது மெஷினுக்குத் தெரியாது.

முதல் பாட்டில் 34 வயதுப் பெண்ணுடையது. நான்கு நாள் காய்ச்சல். இரண்டாவது 61 வயதுக்காரருடையது. சிறுநீரகம் செயலிழந்து, கழுத்தில் போட்ட கதீட்டர் வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர். டயாலிசிஸ் நடுவே குளிர் நடுக்கம் வந்ததால் ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். (அடையாளம் தெரியாதபடி, பல நாள்களில் பார்த்தவர்களை ஒரே காலையில் சேர்த்துச் சொல்கிறேன்.)

பாட்டில் கூப்பிட்டதும் முதல் வேலை ஸ்மியர். ஒரு துளியை ஸ்லைடில் மெல்லியதாகப் பரப்பிக் காயவைத்து, கிராம் ஸ்டெய்ன் போட வேண்டும். கிரிஸ்டல் வயலெட் என்ற ஊதாச் சாயம் ஒரு நிமிடம், அதன் மேல் அயோடின் ஒரு நிமிடம், பிறகு ஆல்கஹாலோ அசிட்டோனோ சில நொடிகள், கடைசியாக சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம். தடித்த சுவர் உள்ள கிருமிகள் ஊதாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவை கிராம் பாசிட்டிவ். மெல்லிய சுவர் உள்ளவை ஆல்கஹாலில் ஊதாவை இழந்து, பின்னால் வரும் சிவப்பை ஏற்று இளஞ்சிவப்பாகத் தெரியும். அவை கிராம் நெகட்டிவ். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், பெர்லினில் வேலை பார்த்தபோது, நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் கிருமியைத் தனியாகத் தெரியவைக்கத்தான் 1884இல் இந்த முறையை வெளியிட்டார். சில கிருமிகள் நிறத்தை இழந்துவிடுவதை அவர் முறையின் குறையாகத்தான் பார்த்தார். அந்தக் குறைதான் இன்று கிருமிகளை இரண்டு கட்சியாகப் பிரிக்கிறது.

நான்கு படிகளில் கையைச் சுடுவது மூன்றாவது. ஆல்கஹாலை அதிக நேரம் விட்டால் ஊதாக் கிருமியும் வெளுத்துச் சிவப்பாகும். ஸ்மியர் தடிமனாக இருந்தால் சிவப்பாக வேண்டியது ஊதாவாகவே நிற்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நானே இதில் விழுந்திருக்கிறேன். இரண்டிரண்டாக, குண்டு குண்டாக, ஊதாவாகத் தெரிந்தவற்றைப் பார்த்து ‘கிராம் பாசிட்டிவ் காக்கஸ்’ என்று போனில் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை தட்டில் வளர்ந்திருந்தது அசினெட்டோபாக்டர். கிராம் நெகட்டிவ்தான், ஆனால் ஊதாவை எளிதில் விடாத பிடிவாதக்காரன். என் வார்த்தையை நம்பி, அதை அசைக்கவே முடியாத மருந்தை அந்த நோயாளிக்கு ஓர் இரவு முழுக்கக் கொடுத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து கிருமியைப் பார்ப்பதற்கு முன்னால் வெள்ளை அணுக்களைப் பார்ப்பேன். ரத்தக் கல்ச்சர் ஸ்மியரில் அவை அங்கங்கே கிடக்கும். சாயம் ஒழுங்காக விழுந்திருந்தால் அவற்றின் உட்கரு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். ஊதாவாக இருந்தால் ஆல்கஹால் போதவில்லை, அந்த ஸ்லைடின் பேச்சை நம்பக் கூடாது. புதிதாக ஒன்று போட வேண்டும். இதைச் சின்னக் குவியத்தில் தேடி, மெல்லிய இடமாகப் பிடித்து, அப்புறம்தான் ஸ்லைடில் எண்ணெய் விட்டு நூறு மடங்கு லென்சைத் திருப்புவது.

அன்று காலை இரண்டு ஸ்லைடிலும் உட்கரு இளஞ்சிவப்பு. இரண்டிலும் கிருமி உருண்டை, ஊதா, திராட்சைக் குலை மாதிரிக் கொத்துக் கொத்தாக. ஸ்டெஃபைலோகாக்கஸ் குடும்பம். பெயர் எழுதாமல் வைத்திருந்தால் எது யாருடையது என்று எனக்கே தெரியாது.

இந்தக் குடும்பத்தில் இரண்டு விதம் உண்டு. ஒன்று ஆரியஸ்: சீழ், எலும்பு, இதய வால்வு என்று எங்கும் போய் உட்காரக்கூடியது. நான்கு பாட்டிலில் ஒன்றில் மட்டும் வந்தாலும் அதைத் தள்ளுபடி செய்வதில்லை. மற்றது கோயாகுலேஸ் நெகட்டிவ் கூட்டம். எபிடெர்மிடிஸ் அதில் முக்கியமானது. அது உங்கள் தோலிலும் என் தோலிலும் குடியிருப்பது. ஸ்மியரில் இரண்டும் ஒரே முகம். பிரித்துச் சொல்ல முயலின் பிளாஸ்மாவில் கிருமியைக் கலந்து கதகதப்பில் வைப்போம். நான்கு மணி நேரத்தில் அது தயிர் போல உறைந்தால் ஆரியஸ். இதைவிட வேகமான மெஷின்கள் வந்துவிட்டன, ஆனால் எல்லா ஊரிலும் இல்லை. இரண்டு பாட்டிலின் கிருமியையும் குழாய்களில் கலந்து வைத்தேன். பத்தரை மணி வரை எதுவும் உறையவில்லை. இரண்டுமே தோல் கிருமி.

கிருமியின் பெயரை வைத்து இதற்கு மேல் போக முடியாது. இனி பாட்டில்களை எண்ண வேண்டும்.

பெரியவர்களுக்கு ரத்தக் கல்ச்சர் எடுக்கும்போது ஓர் இடத்தில் குத்தி, இரண்டு பாட்டிலில் 8 முதல் 10 மில்லி வீதம் ஊற்றுவது ஒரு செட். காற்று வேண்டிய கிருமிக்கு ஒன்று, வேண்டாததற்கு ஒன்று. அதேபோல இன்னோர் இடத்தில் குத்தி இரண்டாவது செட். எதற்கு இரண்டு குத்து என்று நோயாளியின் வீட்டார் கோபப்படுவது நியாயம்தான். ஆனால் கணக்கு அந்த இரண்டாவது குத்தில் இருக்கிறது. தோல் கிருமி கலந்துவிடும் கல்ச்சர்கள் நூற்றுக்கு 3ஐத் தாண்டக் கூடாது என்பது ஆஸ்பத்திரிகள் வெகுகாலமாக வைத்திருக்கும் வரம்பு. ஒரு குத்தில் அழுக்குச் சேரும் வாய்ப்பு நூற்றுக்கு 3 என்றால், தனித்தனியான இரண்டு குத்திலும் சேரும் வாய்ப்பு பத்தாயிரத்துக்கு 9தான். ஆகவே இரண்டு செட்டிலும் ஒரே கிருமி வந்தால் ‘தோலில் இருந்து வந்திருக்கும்’ என்று சொல்வது கடினமாகிவிடும்.

இங்கே பலரும் வழுக்குகிறார்கள். ‘இரண்டு பாட்டிலிலும் வளர்ந்திருக்கிறதே’ என்பார்கள். அந்த இரண்டும் ஒரே குத்தில் நிரப்பியவையா என்று கேட்க வேண்டும். ஒரே ஊசி தோலில் இருந்து கிருமியை வாரிக்கொண்டு வந்தால் இரண்டு பாட்டிலுக்கும் அதே பங்கு போகும். எண்ண வேண்டியது பாட்டிலை அல்ல, குத்தை. இந்தக் கணக்கும் ஒவ்வொரு குத்தும் தனியாக, ஒழுங்காக எடுக்கப்பட்டால்தான் நிற்கும். குளோர்ஹெக்சிடின் தடவிய தோல் உலர அரை நிமிடம் பொறுக்காமல் குத்துவது, உலர்ந்த பிறகு நரம்பு எங்கே என்று மறுபடி விரலால் தடவிப் பார்ப்பது, மூடியைக் கழற்றியதும் பாட்டிலின் ரப்பரை ஸ்பிரிட்டால் துடைக்காமல் ஊசியை இறக்குவது என்று ஒருவரே இரண்டு கையிலும் அதே தவற்றைச் செய்தால் இரண்டு செட்டும் சேர்ந்தே பொய் சொல்லும்.

அந்தப் பெண்ணின் நான்கு பாட்டிலில் ஒன்றுதான் கூப்பிட்டது, அதுவும் 31 மணி நேரம் கழித்து. ரத்தத்தில் உண்மையாகவே இருக்கும் கிருமி பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பாட்டிலை எழுப்பிவிடும். தோலில் இருந்து வந்த ஒன்றிரண்டு கிருமிகள் பெருகி வர நேரமாகும். நேரம் மட்டும் போதாது, அது பக்கச் சாட்சிதான். வார்டுக்குப் போன் செய்தேன். உடம்பில் கதீட்டர் இல்லை, செயற்கை வால்வு இல்லை, டெங்கு பரிசோதனை பாசிட்டிவ், காய்ச்சல் இறங்க ஆரம்பித்துவிட்டது. வாங்கோமைசின் ஆரம்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். நரம்பு வழியாகச் செலுத்தி, சிறுநீரகத்தைக் கண்காணித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து அது. வேண்டாம் என்றேன். மற்ற மூன்று பாட்டில்களும் ஐந்து நாள் மெஷினில் இருந்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே வந்தன.

டயாலிசிஸ்காரரின் கதை வேறு மாதிரிப் போனது. ஆறு மணிக்குக் கூப்பிட்டது கதீட்டர் வழியாக எடுத்த பாட்டில். மெஷினில் வைத்து 13 மணி நேரம். ஒன்பதரைக்கு அவர் கையில் குத்தி எடுத்த பாட்டிலும் கூப்பிட்டது. மதியத்துக்குள் நான்கும் கூப்பிட்டுவிட்டன. ஒரே நேரத்தில், ஒரே அளவு எடுத்த ரத்தம். கதீட்டர் பாட்டில் கைப் பாட்டிலைவிட இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்தினால், கிருமிக் கூட்டம் கதீட்டருக்குள் அடர்த்தியாக இருக்கிறது என்று கொள்ளலாம். இவருக்கு மூன்றரை மணி நேரம் முந்தியது. பிளாஸ்டிக்கின் உட்சுவரில் இந்தக் கிருமி பிசின் போலப் படலம் கட்டிக்கொள்ளும்; டயாலிசிஸ் ஓட்டத்தில் அதில் இருந்து பிய்ந்து வருவதுதான் நடுக்கம். நான்கிலும் வளர்ந்தது எபிடெர்மிடிஸ். இரண்டு செட்டிலும் எந்த மருந்துக்கு மசியும், எதற்கு மசியாது என்ற பட்டியலும் ஒன்றாகவே இருந்தது. கதீட்டரை எடுத்துவிட்டு, அந்தப் பெண்ணுக்கு வேண்டாம் என்ற அதே வாங்கோமைசினை இவருக்கு ஆரம்பித்தார்கள்.

அன்றே பகல் 11 மணிக்கு மூன்றாவதாக ஒரு பாட்டில் கூப்பிட்டது. சில மாதம் முன்பு வால்வு மாற்றிய ஒரு பெரியவர், பத்து நாளாக விட்டு விட்டுக் காய்ச்சல். அதே கொத்து, அதே ஊதா; மாலையில் கோயாகுலேஸும் நெகட்டிவ். டூட்டி டாக்டர் போனில் கேட்டார்: “மேடம், இது நிஜமா, தோலில் இருந்து வந்ததா?”

“மற்ற பாட்டில் எங்கே, டாக்டர்?”

“ஒண்ணுதான் மேடம் எடுத்தோம்.”

தோல் கிருமி செயற்கை வால்வில் உட்கார்ந்தால் அதை எடுக்கவே இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். தோலில் இருந்து வந்ததென்றால் எதுவுமே செய்ய வேண்டாம். ஒற்றை பாட்டிலை வைத்து இரண்டில் எதையும் சொல்ல முடியாது. மருந்து எதுவும் கொடுக்காமல், மூன்று இடத்தில் குத்தி மூன்று செட் எடுத்து அனுப்புங்கள் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“முதல் டோஸ் காலையிலேயே போட்டாச்சு மேடம்.”