செவ்வாய் தோஷம்: ‘உண்டு’, ‘இல்லை’ என்ற ஒரு சொல் போதுமா? ஜோடி ஜாதகத்தில் கவனிக்க வேண்டியவை

திருச்சியைச் சேர்ந்த அந்தக் குடும்பத்தில் பெண்ணுக்கு வயது 25. தனியார் வங்கியில் வேலை. இரண்டு வருடங்களாக வரன் பார்க்கிறார்கள். பேச்சு நன்றாகத்தான் தொடங்கும். ஜாதகம் கைமாறிய மறுநாள், “பொண்ணுக்கு செவ்வாய் இருக்குதாமே...” என்று எதிர்முனையில் குரல் இழுக்கும். அதோடு முடிந்துவிடும்.

அதனால், திருமண இணையதளத்தில் ‘தோஷம்: உண்டு’ என்று குறிப்பிட்ட மாப்பிள்ளைகளை மட்டுமே பார்ப்பது என்று வீட்டில் முடிவு செய்தார்கள். அப்படி ஒரு நல்ல வரனும் கிடைத்தது. “ரெண்டு பேருக்கும் செவ்வாய் இருக்கு, சரியாப் போச்சு” என்று தட்டு மாற்ற நாள் குறிக்கும் வரை போன பிறகு, பெண்ணின் தாய்மாமன் குறுக்கே வந்தார். “ஒரு தடவை ரெண்டு கட்டத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்துருவோம்” என்றார்.

அந்த ஒரு பார்வையில் கணக்கே மாறிப்போனது.

செவ்வாய் எங்கே இருந்தால் தோஷம்?

தமிழ்நாட்டு வழக்கப்படி லக்னத்தை ஒன்று என வைத்து எண்ணும்போது 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம். வட இந்தியாவில் லக்னத்தையும், அதாவது 1-ம் இடத்தையும் சேர்த்துக்கொள்வார்கள்.

லக்னத்தோடு நிற்காமல் சந்திரன் இருக்கும் ராசியிலிருந்தும், சுக்கிரன் இருக்கும் ராசியிலிருந்தும் இதே போல எண்ணுவது உண்டு. லக்னத்திலிருந்து வந்தால் முழு தோஷம், சந்திரனிலிருந்து வந்தால் அரை, சுக்கிரனிலிருந்து வந்தால் கால் என்பது பல ஜோதிடர்கள் வைத்திருக்கும் அளவு.

இங்கே ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். 12 கட்டங்களில் 5 கட்டங்கள் தோஷ இடம். அப்படியானால் லக்னத்தை மட்டும் வைத்துப் பார்த்தாலே 100 ஜாதகங்களில் சுமார் 42 ஜாதகங்கள் சிக்கும். லக்னம், சந்திரன், சுக்கிரன் என மூன்றிலிருந்தும் எண்ணினால், மூன்றிலும் தப்பிக்கும் ஜாதகங்கள் சுமார் 20 மட்டுமே. மீதி 80 பேருக்கும் ஏதோ ஓர் அளவில் செவ்வாய் தோஷம் வந்துவிடும்!

இப்படி எல்லோரையும் ஒதுக்கினால் ஊரில் கல்யாணமே நடக்காது. அதனால்தான் விதியைவிட விதிவிலக்குகளின் பட்டியல் நீளமாக இருக்கிறது.

முதலில் அவரவர் ஜாதகத்தில் நிவர்த்தி

ஜோடிப் பொருத்தம் பார்ப்பதற்கு முன், ஒவ்வொரு ஜாதகத்தையும் தனியாகப் பார்த்து அதிலேயே தோஷம் கழிந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். பரவலாக ஏற்கப்படும் விலக்குகள் இவை. செவ்வாய் தன் சொந்த வீடான மேஷம், விருச்சிகத்திலோ, உச்ச வீடான மகரத்திலோ இருந்தால் தோஷம் இல்லை. கடக லக்னத்துக்கும் சிம்ம லக்னத்துக்கும் செவ்வாய் நன்மை செய்யும் கிரகம் என்பதால் தோஷம் இல்லை. செவ்வாயோடு குரு சேர்ந்திருந்தாலோ, குருவின் பார்வை விழுந்தாலோ தோஷம் அடங்கும்.

திருச்சிப் பெண்ணின் ஜாதகத்துக்கு வருவோம். துலாம் லக்னம். செவ்வாய் ரிஷபத்தில். துலாமிலிருந்து எண்ணினால் ரிஷபம் 8-ம் இடம். பெண்களுக்கு இதை மாங்கல்ய ஸ்தானம் என்பார்கள் என்பதால், இங்கே செவ்வாய் இருந்தால் கூடுதல் பயம். சந்திரன் கும்பத்தில். அங்கிருந்து ரிஷபம் 4-ம் இடம், அதுவும் தோஷ இடமே. சுக்கிரன் மீனத்தில். அங்கிருந்து ரிஷபம் 3-ம் இடம், தோஷம் இல்லை. செவ்வாய்க்குச் சொந்த வீடோ, உச்சமோ, குரு பார்வையோ இல்லை. ஆக முழு தோஷம் ஒன்று, அரை தோஷம் ஒன்று. கூட்டினால் ஒன்றரை.

‘தோஷம் உண்டு’ மாப்பிள்ளை

தட்டு மாற்ற இருந்த மாப்பிள்ளைக்குக் கடக லக்னம். 7-ம் இடமான மகரத்தில் செவ்வாய். 7-ம் இடம் என்பதால் கணினி ஜாதகத்தில் ‘செவ்வாய் தோஷம் உண்டு’ என்று அச்சாகியிருந்தது. அவர் வீட்டிலும் அதையே இணையதளத்தில் பதிந்துவிட்டார்கள்.

தாய்மாமன் அழைத்துப்போன ஜோதிடர் அதைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். “செவ்வாய் மகரத்துல உச்சம். லக்னமும் கடகம். இவருக்கு தோஷம் எப்பவோ கழிஞ்சுபோச்சு. கழிஞ்சுபோன தோஷத்தை வச்சு பொண்ணு தோஷத்தை எப்படிச் சமன் பண்றது?” என்றார்.

பல குடும்பங்கள் தவறவிடும் இடம் இதுதான். இரண்டு பேருக்கும் தோஷம் இருந்தால் ஒன்றை ஒன்று சமன் செய்யும் என்பது சரி. ஆனால், தராசில் வைக்க இரண்டு பக்கமும் எடை இருக்க வேண்டும். நிவர்த்தி ஆன ஜாதகம் சுத்த ஜாதகத்துக்குச் சமம். ‘உண்டு’ என்ற சொல் இரண்டு தாளிலும் இருந்தாலும், இது தோஷ ஜாதகத்தோடு தோஷமில்லாத ஜாதகத்தைச் சேர்ப்பதாகவே ஆகிறது.

‘தோஷம் இல்லை’ மாப்பிள்ளை

ஆறு மாதம் முன்பு வேறொரு வரன் வந்திருந்தது. ‘தோஷம்: இல்லை’ என்று இருந்ததால், ஜாதகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் தள்ளிவைத்திருந்தார்கள். ஜோதிடர் கேட்டபோது பெண்ணின் அம்மா செல்போனில் தேடி எடுத்துக் காட்டினார்.

அந்த மாப்பிள்ளைக்குக் கன்னி லக்னம். செவ்வாய் ரிஷபத்தில், அதாவது 9-ம் இடத்தில். லக்னப்படி தோஷம் இல்லைதான். ஆனால், சந்திரன் துலாமில் இருந்தது. அங்கிருந்து செவ்வாய் 8-ம் இடம், அரை தோஷம். சுக்கிரன் மேஷத்தில். அங்கிருந்து 2-ம் இடம், கால் தோஷம். மொத்தம் முக்கால்.

செவ்வாயை மட்டும் கணக்கில் எடுத்தால் பெண்ணுக்கு ஒன்றரை, மாப்பிள்ளைக்கு முக்கால். பாதி எடைதான். “செவ்வாய்க்குச் செவ்வாய்தான்” என்று சொல்லும் ஜோதிடர் இந்த இடத்திலேயே ‘பொருந்தாது’ என்று தாளை மடித்துவிடுவார்.

இன்னொரு முறை இருக்கிறது. ஒருவருக்குச் செவ்வாய் இருக்கும் தோஷ இடத்தில் மற்றவருக்குச் சனியோ ராகுவோ இருந்தாலும் சமன் ஆகும் என்பார்கள். பாவ கிரகங்களின் மொத்த அளவை இரண்டு ஜாதகத்திலும் ஒப்பிடுவதால் இதற்குப் பாப சாம்யம் என்று பெயர். இந்த மாப்பிள்ளையின் 8-ம் இடமான மேஷத்தில் சனி இருந்தது. பெண்ணுக்கு 8-ல் செவ்வாய், மாப்பிள்ளைக்கு 8-ல் சனி.

“அப்ப சமன் ஆயிருச்சுல்ல?” என்று அம்மா கேட்டதும், ஜோதிடர் நிறுத்தினார். “அவர் சனியை எண்ணுனா உங்க பொண்ணு சனியையும் எண்ணணும்மா. தராசுல ஒரு பக்கம் மட்டும் கல்லு போடக் கூடாது.”

பெண்ணுக்கும் சனி மேஷத்தில்தான். லக்னத்திலிருந்து 7-ம் இடம், ஒன்று. சந்திரனிலிருந்து 3-ம் இடம், கணக்கில் வராது. சுக்கிரனிலிருந்து 2-ம் இடம், கால். செவ்வாயின் ஒன்றரையோடு சேர்த்தால் இரண்டே முக்கால்.

மாப்பிள்ளைக்குச் சனி லக்னத்திலிருந்து 8-ம் இடம், ஒன்று. சந்திரனிலிருந்து 7-ம் இடம், அரை. சுக்கிரனும் சனியும் ஒரே ராசியில் இருப்பதால் அதிலிருந்து எதுவும் இல்லை. செவ்வாயின் முக்காலோடு சேர்த்தால் இரண்டே கால்.

இரண்டே முக்காலுக்கு இரண்டே கால். இடைவெளி வெறும் அரை. “மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் கூட இருந்தா இன்னும் நல்லது. ஆனா இந்த அளவு வித்தியாசத்தை நான் ஏத்துக்கிறேன்” என்பது அவரது முடிவு. இதே கட்டங்களை வைத்துக்கொண்டு இன்னொரு ஜோதிடர் வேறு பதில் சொல்லலாம். காரணம், அவர் வைத்திருக்கும் அளவுகோல் வேறு.

பிறந்த நேரம் சரியா?

இந்தக் கணக்கு முழுவதும் லக்னத்தின் மேல் நிற்கிறது. செவ்வாய் ஒரு ராசியில் பொதுவாகச் சுமார் ஒன்றரை மாதம் இருக்கும். ஆனால், லக்னம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறும். லக்னம் ஒரு கட்டம் தள்ளினால் தோஷமும் இடம் மாறும். திருச்சிப் பெண்ணுக்குத் துலாம் லக்னத்துக்குப் பதில் கன்னி லக்னம் என்று இருந்திருந்தால், செவ்வாய் 9-ம் இடத்துக்குப் போய், லக்னப்படியான தோஷம் இல்லாமல் போயிருக்கும்.

அதனால் பிறந்த நேரத்தை ‘சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம்’ என்று நினைவில் இருந்து சொல்லாமல், மருத்துவமனைச் சீட்டில் உள்ள நிமிடத்தோடு ஒப்பிடுவது நல்லது. லக்னம் ஒரு பாகை நகர ஏறக்குறைய 4 நிமிடம் ஆகும். இந்தப் பெண்ணுக்கு லக்னம் துலாமில் 14-வது பாகையில், அதாவது ராசியின் நடுவில் இருந்தது. கால் மணி நேரம் முன்னே பின்னே இருந்தாலும் மாறாது. லக்னம் ராசியின் முதல் பாகையிலோ கடைசிப் பாகையிலோ இருந்தால்தான் யோசிக்க வேண்டும். வாக்கியம், திருக்கணிதம் என இரண்டு பஞ்சாங்கங்களுக்கும் இடையே கிரக நிலையில் வித்தியாசம் வருவதால், இரு வீட்டு ஜாதகமும் ஒரே முறையில் கணித்தவையா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வரன் தட்டிப்போகிறதே என்ற பயத்தில் சிலர் செவ்வாயைக் கட்டம் மாற்றி எழுதிக் கொடுப்பதும் நடக்கிறது. பிறந்த தேதியை வைத்து யார் வேண்டுமானாலும் செல்போனிலேயே ஜாதகம் கணித்துவிடும் காலம் இது. பிடிபட்டால் தோஷத்தைவிட அந்தப் பொய்தான் சம்பந்தத்தை முறிக்கும்.

கட்டம் சொல்லாதவை

செவ்வாய் தோஷம் உள்ளவரை மணந்தால் துணைக்கு ஆபத்து என்ற நம்பிக்கைக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. நம்பும் குடும்பங்களுக்கு இது ஒரு பொருத்த விதி. அந்த விதிக்குள்ளேயே இத்தனை படிகள் இருக்கும்போது, ஒற்றைச் சொல்லை வைத்து ஒரு பெண்ணையோ பையனையோ ஒதுக்குவது அந்த விதிப்படியும் சரியல்ல. வரன் கேட்கும்போது ‘தோஷம் இருக்கிறதா?’ என்பதோடு நிறுத்தாமல், ‘எந்த இடத்தில், எதிலிருந்து எண்ணி, நிவர்த்தி பார்த்தாயிற்றா?’ என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

திருச்சிக் குடும்பம் முதல் வரனிடம் காரணத்தைச் சொல்லி விலகிக்கொண்டது. இரண்டாவது வரனின் வீட்டுக்குத் தாய்மாமனே போன் செய்தார். நல்லவேளை, அவர்களுக்கு இன்னும் எங்கும் அமையவில்லை. ஆறு மாதம் கழித்துக் கூப்பிடுகிறார்களே என்ற வருத்தம் இருந்தாலும், வரச் சொன்னார்கள்.

பெண் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “கட்டத்தை நீங்க பாத்துட்டீங்க. குடிப்பாரா, கோபம் எப்படி, கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போறதுல அவருக்குச் சம்மதமா... இதெல்லாம் எந்தக் கட்டத்துலயும் இல்ல மாமா. நான் பேசிட்டுச் சொல்றேன்.”

மாமா சரி என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மலைக்கோட்டை அருகே ஒரு ஹோட்டலில் இருவரும் சந்திக்க ஏற்பாடாகியிருக்கிறது. பெரியவர்கள் வேறு மேசையில் உட்காருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.