ஒரு நவம்பரும் முப்பது நவம்பரும்

2015 நவம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் சுமார் 1,049 மி.மீ. மழை பெய்தது. அந்த மாதத்தில் அங்கே வழக்கமாகப் பெய்வது ஏறத்தாழ 400 மி.மீ. முதல் எண் வானிலை, அந்த ஆண்டு நடந்தது. இரண்டாவது காலநிலை, பல ஆண்டுகளில் பெய்த மழையின் சராசரி. மாணவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க, வரையறையை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட மழை அட்டவணை ஒன்றைக் கையில் கொடுப்பதே மேல்.

முதலில் அட்டவணையைப் படிக்கப் பழக வேண்டும். மழைமானியைக் காலை 8.30 மணிக்குப் பார்த்து, அதற்கு முந்தைய 24 மணி நேர மழையை அன்றைய தேதியில் எழுதுவார்கள். அதனால் சென்னையை மூழ்கடித்த 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் பெரும்பகுதி, 2-ஆம் தேதிக்கு எதிரே இருக்கும். இது தெரியாத மாணவர் அட்டவணையில்தான் பிழை என்பார். கட்டத்தில் 0 இருந்தால் மழை இல்லை என்று பொருள். சிறுகோடு இருந்தால் அன்று அளவே எடுக்கவில்லை. கோட்டைப் பூஜ்யமாக எண்ணிக் கூட்டினால் சராசரி குறைந்துவிடும்.

அடுத்து, ஒரு சின்னக் கணக்கு. ஒன்பது நவம்பர்களில் தலா 400, பத்தாவதில் 1,049 மி.மீ. பெய்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 465. அதே ஒரு பெருமழை 30 நவம்பர்களுக்குள் வந்தால் சராசரி 422தான். வானிலையாளர்கள் பொதுவாக 30 ஆண்டுச் சராசரியை எடுத்துக்கொள்ளும் காரணம் மாணவர்களுக்கு இந்த இடத்தில் தானாகவே பிடிபடும்.

சராசரி மறைப்பதும் உண்டு. வடகிழக்குப் பருவத்தில் தமிழகத்துக்குச் சுமார் 440 மி.மீ. கிடைக்க வேண்டும். 2015-இல் ஏறக்குறைய 670, 2016-இல் வெறும் 168. இரண்டின் சராசரி 419! எண்ணை மட்டும் பார்த்தால் இயல்பான மழைதான். ஆனால் ஓராண்டு வெள்ளம், மறு ஆண்டு வறட்சி. எனவே சராசரிக்குப் பக்கத்திலேயே மிகக் கூடிய அளவையும் மிகக் குறைந்த அளவையும் எழுதச் சொல்வது நல்லது.

"அப்படியானால் காலநிலை மாறிவிட்டதா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். இரண்டு ஆண்டுகளை வைத்து விடை சொல்ல முடியாது. 1961–1990, 1991–2020 என இரு முப்பதாண்டுகளை ஒப்பிடலாம். அப்போதும், ஆண்டுக்கு ஆண்டு வழக்கமாக ஏறி இறங்கும் அளவோடு பார்க்கையில் வித்தியாசம் சிறிதாக இருந்தால், மழை மாறிவிட்டது என்று எழுதக் கூடாது. மாத மொத்தம் மாறாமலேயே மழை நாட்கள் குறைந்து, பெய்யும் நாளில் கொட்டித் தீர்க்கவும் கூடும். அதைக் கண்டுபிடிக்க மாத அட்டவணை உதவாது. நாள்வாரி அட்டவணையை எடுத்து, 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாட்களை ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்க வேண்டும்.