உயிலில் எழுதக்கூடாத கடவுச்சொல்

ஒருவர் இறந்தபின் அவருடைய இணையக் கணக்கைப் பொறுத்தவரை மூன்று வெவ்வேறு விஷயங்கள் மிஞ்சுகின்றன. கணக்கு என்பது ஒரு நிறுவனத்துடன் அவர் செய்துகொண்ட ஒப்பந்தம். அதற்குள் இருக்கும் படங்களும் கடிதங்களும் அவர் உருவாக்கியவை. அவர் எடுத்த புகைப்படத்தின் பதிப்புரிமை அவருடைய சொத்து என்பதால், அதை நிலத்தையும் நகையையும் போலவே ஒருவருக்கு எழுதிவைக்கலாம். கடவுச்சொல் இவை இரண்டையும் சேர்ந்ததல்ல. அது வெறும் திறவுகோல். குடும்பங்கள் பெரும்பாலும் இந்தத் திறவுகோலைத்தான் தேடி அலைகின்றன. அது கிடைத்தாலும் கதவு திறக்காமல் போவதுண்டு.

ஜெர்மனியில் நடந்த ஒரு வழக்கு இதற்குச் சான்று. 2012-இல் பெர்லினில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி சுரங்க ரயிலில் அடிபட்டு இறந்தாள். அது விபத்தா, தற்கொலையா என்று அவளுடைய ஃபேஸ்புக் உரையாடல்களைப் படித்தால் தெரியலாம் என்று பெற்றோர் எண்ணினர். தாயிடம் கடவுச்சொல் இருந்தது. ஆனால் யாரோ ஒருவர் இறப்புச் செய்தியை நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டதால், கணக்கு நினைவுப் பக்கமாக மாற்றப்பட்டிருந்தது. அப்படி மாறிய கணக்குக்குள் சரியான கடவுச்சொல்லைக் கொண்டும் எவரும் நுழைய முடியாது. வழக்கு நாட்டின் உச்ச உரிமையியல் நீதிமன்றம்வரை சென்றது. ஒருவருடைய கடிதங்களும் நாட்குறிப்பும் வாரிசுக்குச் சேர்வதைப் போலவே கணக்கு ஒப்பந்தமும் சேரும் என்று 2018 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அதன்பிறகும் நிறுவனம் 14,000 பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு கோப்பைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்து முடித்துக்கொள்ளப் பார்த்தது. அது போதாது, கணக்குக்குள்ளேயே சென்று பார்க்க வழிசெய்ய வேண்டும் என்று 2020-இல் அதே நீதிமன்றம் இன்னொருமுறை சொல்ல வேண்டியிருந்தது. மகள் இறந்து அப்போது ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தியாவில் இணையக் கணக்குகளின் வாரிசுரிமைக்கென்று தனிச்சட்டம் கிடையாது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, தமக்குப் பிறகு தம் தரவு உரிமைகளைச் செலுத்த ஒருவரை நியமிக்கலாம் என்கிறது. ஆனால் அந்த உரிமைகள் என்ன தரவு இருக்கிறது என்று கேட்பது, திருத்தச் சொல்வது, அழிக்கச் சொல்வது போன்றவைதாம். ஆல்பத்தை அப்படியே வாரிசின் கையில் ஒப்படைக்கச் சொல்லும் பிரிவு அல்ல அது. ஆகவே இங்கே இரண்டு ஏற்பாடுகள் சேர்ந்தே நடக்க வேண்டும். படங்கள் யாருக்கு என்பதை உயில் சொல்ல வேண்டும். அவற்றை எடுக்கும் வழியை, இருக்கும்போதே கணக்கின் அமைப்புகளில் செய்துவைக்க வேண்டும்.

உயிலைப் பொறுத்தவரை 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது அதிகமில்லை. எழுதியவர் கையொப்பமிட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அதற்குச் சான்றொப்பமிட வேண்டும். பத்திரத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. ஆனால் உயில் காகிதத்தில்தான் இருக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணங்களுக்குக் கொடுக்கும் அங்கீகாரத்திலிருந்து உயிலை வெளிப்படையாக விலக்கிவைத்திருக்கிறது. எல்லாச் சொத்தும் இணையத்தில் இருந்தாலும், வாட்ஸ்அப் செய்தியிலோ மின்னஞ்சலிலோ அனுப்பிய விருப்பம் உயில் ஆகாது.

அந்தக் காகிதத்தில் கடவுச்சொல்லை எழுதிவிட்டால் என்ன என்று தோன்றும். எழுதக்கூடாது என்பதற்கு வலுவான காரணம் பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும் உயில் மூன்றாம் புத்தகத்தில் ஏறுகிறது. எழுதியவர் உயிருடன் இருக்கும்வரை அவரும் அவருடைய முகவரும் மட்டுமே அதன் நகலைப் பெறலாம். அவர் இறந்தபின் விண்ணப்பிக்கும் எவரும் பெறலாம். அதாவது, கடவுச்சொல் பயன்பட வேண்டிய நேரத்தில் அது ஊருக்கே பொதுவாகிவிடும். இன்னொன்று, கடவுச்சொல் அடிக்கடி மாறும். உயிலில் ஒரு சொல்லை மாற்றுவதற்கும் துணை உயில் எழுதி, மறுபடி இரண்டு சாட்சிகளைத் தேட வேண்டும். எவரும் அதைச் செய்யப்போவதில்லை.

எனவே உயிலில் உரிமையும் அதிகாரமும் மட்டும் இருக்க, திறவுத் தகவல்கள் தனித்தாளில் இருப்பது நல்லது. உயிலின் பத்தி இப்படி அமையலாம்: “என் கைப்பேசி, கணினி, இணையக் கணக்குகள் ஆகியவற்றில் உள்ள நான் எடுத்த புகைப்படங்களையும் காணொளிகளையும் அவற்றின் பதிப்புரிமையோடு என் மகளுக்கு உரிமையாக்குகிறேன். அவற்றை எடுப்பதற்காக என் கருவிகளைத் திறக்கவும், நிறுவனங்களிடம் விண்ணப்பிக்கவும், நகல் எடுத்தபின் கணக்குகளை மூடவும் இந்த உயிலை நிறைவேற்றுபவருக்கு அதிகாரம் அளிக்கிறேன். இதற்கான விவரங்களை ஒரு தனி உறையில் வைத்திருக்கிறேன். அந்த உறையில் உள்ள தாள் இந்த உயிலின் பகுதி அன்று.” கடைசி வாக்கியம் வெறும் சம்பிரதாயம் இல்லை. உயில் வேறொரு தாளைச் சுட்டி, அந்தத் தாளிலும் எழுதியவருடைய விருப்பம் இருந்தால், அதுவும் உயிலின் பகுதியாகக் கருதப்பட வாரிசுரிமைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அதனால் தாளில் கடவுச்சொற்கள் மட்டும் இருக்கட்டும். “மோதிரம் பேத்திக்கு” என்பது போன்ற ஒரு வரியும் வேண்டாம்.

இனி அமைப்புகள். மதுரையில் தனியாக வாழும், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசி, பத்தாண்டுப் படங்கள் கூகுள் போட்டோஸில், மகள் சிங்கப்பூரில். அவர் செய்ய வேண்டியது கூகுள் கணக்கில் Inactive Account Manager என்ற பகுதியைத் திறப்பது. முகவரி: myaccount.google.com/inactive. கணக்கு எத்தனை மாதம் அசைவில்லாமல் இருந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அது முதலில் கேட்கும். 3, 6, 12, 18 மாதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பிறகு யாருக்குத் தெரிவிப்பது, எதையெதைக் கொடுப்பது என்று கேட்கும். பத்துப் பேர்வரை குறிப்பிடலாம். ஒருவருக்குப் படங்களை மட்டும், இன்னொருவருக்கு மின்னஞ்சலையும் என்று பிரித்தும் கொடுக்கலாம். எல்லாம் முடிந்தபின் கணக்கை அழித்துவிடு என்றும் சொல்லிவைக்கலாம்.

ஆசிரியை மகளின் மின்னஞ்சலையும் சிங்கப்பூர் கைப்பேசி எண்ணையும் கொடுத்து, ஆறு மாதம் என்று குறிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சமயத்தில் மகளுக்குக் கூகுளிடமிருந்து எந்தச் செய்தியும் போகாது. எனவே அவர்தான் மகளிடம் சொல்லிவைக்க வேண்டும். இல்லையென்றால் பிற்பாடு வரும் மின்னஞ்சலை மகள் மோசடி என்று நினைத்து அழித்துவிடக்கூடும். கெடு நெருங்கும்போது கூகுள் முதலில் ஆசிரியைக்கே குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பிப் பார்க்கும். பதில் இல்லாமல் கெடு முடிந்தால் மகளுக்குத் தகவல் போகும். மகள் தன் எண்ணுக்கு வரும் குறியீட்டைக் கொடுத்துப் படங்களைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். அதற்கு மூன்று மாத அவகாசம் உண்டு. இடையில் மகள் எண்ணை மாற்றியிருந்தால் சிக்கல்தான். ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பக்கத்தைத் திறந்து எண்ணைச் சரிபார்ப்பது அதனால்தான்.

இதில் குடும்பத்தார் எதிர்பாராத தடை ஒன்று உண்டு. அம்மாவின் கைப்பேசியை நினைவாக எண்ணி மின்னேற்றிக்கொண்டே இருந்தால், அல்லது பேரன் அதில் விளையாடினால், அந்தக் கருவி கூகுளுடன் தொடர்ந்து தொடர்புகொள்ளும். கணக்கு உயிரோடு இருப்பதாகவே கூகுள் எண்ணிக்கொள்ளும். ஆறு மாதக் கெடு தொடங்கவே தொடங்காது. மறுபுறம், எந்த ஏற்பாடும் இல்லாமல் அப்படியே விடப்பட்ட கணக்கை, இரண்டாண்டுகள் அசைவில்லை என்றால் உள்ளடக்கத்தோடு அழிக்கும் உரிமையை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் வைத்திருக்கிறது. ஏற்பாடு செய்யாதவரின் குடும்பம் இறப்புச் சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம். நிறுவனம் ஆய்ந்து, சில நேர்வுகளில் உள்ளடக்கத்தைத் தரலாம். கடவுச்சொல்லை ஒருபோதும் தராது.

ஆறு மாதம் காத்திருக்காமல் படங்களை எடுக்க உறைக்குள் இருக்கும் தாள் உதவும். அதில் முதலில் எழுத வேண்டியது கைப்பேசியின் பூட்டுக் குறியீடு. கைப்பேசி அணைந்து மீண்டும் எழுந்தால் கைரேகையை ஏற்காது, குறியீட்டையே கேட்கும் என்பதால் விரலை நம்பிப் பயனில்லை. அடுத்தது மின்னஞ்சலின் கடவுச்சொல். மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை அந்த மின்னஞ்சல் வழியாகவே மீட்டுவிடலாம். அதோடு கூகுள் தரும் பத்து மாற்றுக் குறியீடுகளையும் அச்சிட்டு வைக்கலாம், ஓ.டி.பி. வராத நேரத்தில் அவை கைகொடுக்கும். ஓ.டி.பி. வரும் சிம் எண்ணைத்தான் பல வீடுகளில் செலவு மிச்சம் என்று முதலில் ரீசார்ஜ் செய்யாமல் விடுகிறார்கள். எண் துண்டிக்கப்பட்டு, சில மாதங்கள் கழித்து வேறொருவருக்குப் போய்விட்டால், அந்தக் கணக்குகளின் குறியீடுகளெல்லாம் முன்பின் தெரியாத ஒருவரின் கைப்பேசிக்குப் போகும். படங்களை எடுத்து முடிக்கும்வரை எண்ணை விடக்கூடாது.

உறை உயிலை நிறைவேற்றுபவரிடம் இருப்பதே வசதி. வங்கி லாக்கரில் வைத்தால், லாக்கரைத் திறக்கவே நாமினி சான்றிதழோடு வங்கிக்கு நடக்க வேண்டியிருக்கும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. ஆப்பிள் 2021 டிசம்பரில் Legacy Contact என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஐந்து பேர்வரை நியமிக்கலாம். ஒவ்வொருவருக்கும் ஓர் அணுகல் குறியீடு உருவாகும். அதை அச்சிட்டு உயிலோடு வைக்கலாம். இது தனியாகப் பயன்படாது, இறப்புச் சான்றிதழும் சேர வேண்டும் என்பதால் உயிலோடு இருப்பதில் ஆபத்து குறைவு. அனுமதி கிடைத்தபின் மூன்று ஆண்டுகள் ஐகிளவுட் படங்களைப் பார்க்கலாம். அதன்பின் கணக்கு நிரந்தரமாக அழிக்கப்படும். இறந்தவர் சேமித்துவைத்த கடவுச்சொற்களும் காசு கொடுத்து வாங்கிய பாடல்களும் படங்களும் இதில் வாரிசுக்கு வருவதில்லை.

ஃபேஸ்புக்கிலும் இதே பெயரில் ஒருவரை நியமிக்கலாம். அவர் நினைவுப் பக்கத்தில் ஒரு பதிவை முகப்பில் நிறுத்தலாம், முகப்புப் படத்தை மாற்றலாம். தனிச்செய்திகளைப் படிக்க முடியாது. வாட்ஸ்அப்பில் இந்த ஏற்பாடே இல்லை. 120 நாட்கள் பயன்படாத கணக்கை அது பொதுவாக அழித்துவிடும். அதில் வந்த படங்கள் கைப்பேசியில் இருப்பதால், பூட்டுக் குறியீடு தெரிந்தவர் அவற்றை ஒரு வன்வட்டில் நகலெடுத்துக்கொள்ளலாம்.

வங்கி, யு.பி.ஐ., பங்குக் கணக்குகளின் கடவுச்சொற்களை அந்தத் தாளில் எழுதவே வேண்டாம். இறந்தவராக நடித்து அவர் கணக்கிலிருந்து பணம் எடுப்பது, எடுப்பவர் ஒரே வாரிசாக இருந்தாலும், வழக்கில் கொண்டுபோய் விடக்கூடும். எந்த வங்கியில், எந்தக் கிளையில், நாமினி யார் என்ற பட்டியல் போதும். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று உச்சநீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதையும் அதே உயிலில், வேறொரு பத்தியில் எழுத வேண்டும்.