பங்கைப் பொறுக்காத ஃபண்ட்

நிஃப்டி 50-ஐப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் நீங்கள் 10,000 ரூபாய் போடுகிறீர்கள். எந்தப் பங்கை வாங்கலாம் என்று அங்கே யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. தேசியப் பங்குச் சந்தையின் ஐம்பது பெரிய நிறுவனங்கள் அடங்கிய பட்டியல்தான் நிஃப்டி. சந்தையில் தாராளமாகக் கைமாறக்கூடிய பங்குகளின் மொத்த மதிப்பு எந்த நிறுவனத்துக்கு அதிகமோ, அதற்குப் பட்டியலில் அவ்வளவு பெரிய இடம். ஒரு வங்கிக்கு அதில் 10 சதவீத இடம் என்றால் உங்கள் பணத்தில் 1,000 ரூபாய் அந்த வங்கிப் பங்குக்குப் போகும். ஆண்டுக்கு இரண்டு முறை பட்டியலைத் திருத்துவார்கள். வெளியேறும் நிறுவனத்தை ஃபண்டும் விற்றுவிட்டு, உள்ளே வருவதை வாங்கும்.

மேனேஜர் நடத்தும் ஃபண்டில் இந்த முடிவு ஒரு மனிதருடையது. எந்த நிறுவனம் வளரும், எது விலை ஏறிப்போய்விட்டது என்று அவரும் அவர் குழுவும் ஆராய்ந்து வாங்குகிறார்கள். கெட்டிக்காரர்களாகவே இருப்பார்கள். ஆனால் அவர் வாங்கும் பங்கை விற்பவரும் பெரும்பாலும் அதே அளவு விஷயம் தெரிந்த இன்னொருவர்தான். சந்தையின் சராசரியைவிட ஒருவர் கூடுதலாகச் சம்பாதித்தால் வேறொருவர் அந்த அளவு குறைவாகச் சம்பாதித்திருக்க வேண்டும். எல்லோரையும் கூட்டினால் கிடைப்பது சந்தையின் வருமானம்தான். அதிலிருந்தும் கட்டணம் கழிகிறது.

அந்தக் கட்டணம் எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குப் போட்டால்தான் தெரியும். சந்தை ஆண்டுக்கு 12 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.2 சதவீதம் கழிக்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்ட 1 லட்சம், 20 ஆண்டுகளில் சுமார் 9.3 லட்சமாகும். முகவர் கமிஷனும் சேர்த்து 1.5 சதவீதம் கழிக்கும் ஃபண்டில், மேனேஜர் சந்தைக்கு இணையாகவே சம்பாதித்தாலும், சுமார் 7.4 லட்சம்தான். போட்ட தொகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டணத்தோடு போய்விட்டது.

சந்தை விழுந்தால் இண்டெக்ஸ் ஃபண்டும் முழுதாக விழும். 2020 ஜனவரியில் 12,300-ஐத் தாண்டியிருந்த நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610-இல் முடிந்தது. மேனேஜராவது கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொண்டு அடியைக் குறைக்க முயலலாம். இண்டெக்ஸ் ஃபண்டுக்கு அந்த வழி கிடையாது. அதிகம் பேர் கவனிக்காத சிறு நிறுவனங்களில் மேனேஜரின் திறமைக்கு இடம் கூடுதல் என்றே நினைக்கிறேன். பெரிய நிறுவன ஃபண்டில் அந்த இடம் குறுகல். முதலீட்டில் 80 சதவீதமாவது முதல் நூறு நிறுவனங்களில் இருக்க வேண்டும் என்பது செபியின் விதி.

நிஃப்டி ஃபண்டுகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் அவற்றுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் நிஃப்டியின் மொத்த வருமானக் குறியீடு ஓராண்டில் 12 சதவீதம் ஏறியிருக்க, உங்கள் ஃபண்ட் 11.7 தந்திருந்தால் இடைவெளி 0.3. கட்டணம் 0.2 மட்டும் என்றால், மிச்சம் 0.1 வாங்கி விற்கும் செலவிலும் சும்மா கிடந்த ரொக்கத்திலும் போயிருக்கும். இரண்டு ஃபண்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது சில ஆண்டுகளாக இந்த இடைவெளி எதில் சிறிதாக இருக்கிறது என்று பாருங்கள்.