ரீவி வாங்கியாயிற்று, ஸ்டெபிலைசரும் வேண்டுமா?

முருங்கன் பக்கத்தில் வயல்வெளி வழியாக நீண்டு போகும் மின்கம்பியின் கடைசியில் உங்கள் வீடு இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். மாலை ஏழு மணிக்கு மின்குமிழ் மங்கி எரியும். அயலவர்கள் படுத்தபின் அதே குமிழ் பளிச்சென்று எரியும். இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். தூரமும் பாவனையும் கூடினால் அது குறையும். பாவனை குறைந்தால் ஏறும்.

இதைக் கண்டு ஸ்டெபிலைசர் வாங்கப் புறப்படுமுன் ரீவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே "100–240V" என்று எழுதியிருந்தால் குறைந்த மின்சாரத்தை ரீவி தானே சமாளிக்கும். இப்போதைய தட்டை ரீவிகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. அவற்றுக்கு ஸ்டெபிலைசர் வீண்செலவு. "220–240V" என்று மட்டும் இருந்தாலோ, பழைய பெட்டி ரீவியில் மாலையில் படம் சுருங்கினாலோதான் அது தேவை.

அப்போதும் கையால் திருப்பும் பழைய ஸ்டெபிலைசரை வாங்கவேண்டாம். ஒரு கணக்குப் பாருங்கள். மாலையில் 180 வோல்ற் வருகிறது. குமிழைத் திருப்பி ஐந்திலொரு பங்கு கூட்டினால் 216 ஆகிறது; படம் நன்றாகத் தெரியும். இரவில் மின்சாரம் 245க்கு ஏறுகிறது, திருப்பிவிட மறந்துவிடுகிறோம். இப்போது ரீவிக்குப் போவது 294 வோல்ற்! காக்க வந்த பெட்டியே ரீவியை எரித்துவிடும். தானாக மாறும் ஸ்டெபிலைசரே நல்லது.

உண்மையில், "100–240V" ரீவியைக் கெடுப்பது குறைந்த மின்சாரமல்ல, மிகுந்த மின்சாரம். அது இரண்டு விதமாக வரும்.

முதலாவது, இடிமின்னலின்போதோ கறண்ட் போய்த் திரும்பும்போதோ கண்ணிமைக்குமுன் வந்து மறையும் பாய்ச்சல். இதற்கு மிகைமின் தடுப்புள்ள பிளக் பலகை உதவும். ஆனால் வீட்டில் நல்ல ஏர்த் இல்லாவிட்டால் அதன் பயன் பாதியாகிவிடும். ஒவ்வோர் அடியிலும் அது தேய்ந்தும் போகும். அதன் காவல் விளக்கு அணைந்தால் மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, வெளியே கம்பத்தில் நியூற்றல் கம்பி அறுந்தால் 300 வோல்ற்றுக்கு மேலும் தொடர்ந்து வரும். உங்கள் குமிழ் கண்ணைக் கூச, அடுத்த வீட்டுக் குமிழ் மங்கினால் அதுவே அடையாளம். உடனே மெயின் சுவிச்சை நிறுத்தி, மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். இந்த நிலையைத் தடுப்புப் பலகை தாங்காது, தானே எரிந்துவிடும். அளவு மீறினால் இணைப்பைத் துண்டித்து, சீரானபின் சற்றுப் பொறுத்து மீண்டும் கொடுக்கும் கருவியே இதற்கு ஏற்றது. ஆகவே ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் அதையே வாங்குங்கள்.

நேரே விழும் இடியை எந்தக் கருவியும் தடுக்காது. வானம் இருளும்போதே பிளக்கையும் அன்ரனா வயரையும் கழற்றிவிடுங்கள். இடி நெருங்கியபின் அவற்றைத் தொடவேண்டாம். இந்தக் காவலுக்குச் செலவு எதுவும் இல்லை.