கூலி கூடியது, அறுப்பு குறைந்தது

அறுவடை அவசரத்தில் ஆட்களை விரட்டி வேலை வாங்கப் பண்ணை முதலாளிகளுக்குத் தெரிந்த வழி, கூலியைக் கூட்டுவது. ஜெர்மனியில் அப்படிக் கூட்டியபோது பல நேரங்களில் வேலை குறைந்துதான் போனது. இந்த விசித்திரத்தைச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1904-05இல் வெளியிட்ட கட்டுரையில் கணக்குப் போட்டே காட்டினார்.

ஒரு 'மோர்கன்' நிலத்தை, அதாவது முக்கால் ஏக்கருக்கும் குறைவான நிலத்தை, அறுக்க 1 மார்க் கூலி. ஓர் ஆள் நாளைக்கு இரண்டரை மோர்கன் அறுத்து 2.50 மார்க் வாங்குகிறார். கூலி 1.25 மார்க் ஆகிறது. மூன்று மோர்கன் அறுத்தால் 3.75 கிடைக்கும். அவரோ இரண்டு மோர்கனோடு அரிவாளை வைத்துவிடுகிறார். அதற்கே பழைய 2.50 மார்க் கைக்கு வந்துவிடுகிறதே!

வரப்பில் நிற்கும் முதலாளிக்கு இது சோம்பேறித்தனம். வெபர் அந்த ஆளின் பக்கம் நின்று பார்த்தார். 'எவ்வளவு சம்பாதிக்கலாம்' என்று அவர் யோசிக்கவில்லை. 'வழக்கமான செலவுக்கு எவ்வளவு உழைத்தால் போதும்' என்றுதான் யோசித்தார். அப்படிப் பார்த்தால் அவர் செய்தது சரியான கணக்கு. ஒருவர் தன் செயலுக்குத் தானே தரும் பொருளை முதலில் பிடிக்க வேண்டும் என்று வெபர் சொன்னது இதைத்தான்.

ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. நமக்குப் பொருத்தமாகப் படும் காரணத்தை அடுத்தவர் மனதில் ஏற்றிவிடுவது மிகவும் சுலபம். அதனால்தான் எவ்வளவு நம்பும்படி இருந்தாலும், நடப்போடு ஒத்துப்பார்க்கும் வரை அந்த விளக்கம் ஊகம்தான் என்பதில் வெபர் கறாராக இருந்தார். அறுப்பவரையே எடுத்துக்கொள்வோம். உடல் அலுப்புதான் காரணம் என்றால், கூலியைக் குறைத்தாலும் அவர் கூடுதலாக அறுக்க மாட்டார். வழக்கமான வருமானம்தான் இலக்கு என்றால், கூலி குறையும்போது அதிகம் அறுத்தாக வேண்டும். ரொட்டி விலை ஏறினாலும் அப்படியே. எது நடக்கிறது என்று பார்த்தால் எந்த விளக்கம் நிற்கும் என்று தெரிந்துவிடும்.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். 1892இல் எல்பே ஆற்றுக்குக் கிழக்கே இருந்த பண்ணைத் தொழிலாளர்களைப் பற்றி வெபர் எழுதிய பெரிய ஆய்வுக்கு ஆதாரம், நில உடைமையாளர்கள் நிரப்பிய கேள்வித்தாள்கள். தொழிலாளர்களிடம் நேரடியாகக் கேட்கவில்லை. இந்தக் குறையைச் சரிக்கட்ட, பாவ்ல் கோரே என்ற இறையியலாளரோடு சேர்ந்து அடுத்த ஆய்வைக் கிராமத்துப் பாதிரியார்கள் வழியாக நடத்தினார். பாதிரியார்களும் அரிவாள் பிடித்தவர்கள் அல்லர்தான். இருந்தும் வெபர் ஒன்றைக் கண்டுகொண்டார். வீடு, துண்டு நிலம், தானியப் பங்கு என்று ஓரளவு உறுதியான பிழைப்பு இருந்தவர்கள்கூடப் பண்ணையை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். கூலிக் கணக்கால் மட்டும் அதை விளக்க முடியாது. எசமானுக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கும் வாழ்விலிருந்து விடுபடும் ஆசை அவர்களை நகரத்துக்கும் அமெரிக்காவுக்கும் இழுத்தது.